7. ஐந்து வரியில் ஒரு நிறுவனம்

முதலீட்டாளருக்கு அனுப்பத் தயாராக இருந்ததாக ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். நிறுவனமும் ஆட்களும் இந்த அத்தியாயத்துக்காக நான் புனைந்தவை. தொழில் மட்டும் மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கக்கூடியது. மதில் சுவருக்குள் நீளமான கூரைக் கொட்டகைகள், கடலுக்குள் போகும் குழாய், வாசலில் பூட்டிய இரும்புக் கதவு. இறால் குஞ்சு உற்பத்தி செய்யும் ஹேச்சரிகள் அவை.

குறிப்பு இது:

'இந்திய இறால் துறையில் புரட்சியை ஏற்படுத்தும் அதிநவீன ஐஓடி தளம் எங்களுடையது. 40 ஹேச்சரிகள் எங்களுடன் இணைந்துள்ளன. கடந்த மூன்று மாதங்களில் 300 சதவீத வளர்ச்சி. தொழில்நுட்ப அனுபவமும் துறை ஆலோசகரும் கொண்ட வலுவான குழு. 60,000 கோடி ரூபாய்ச் சந்தையில் முதலிடம் பிடிப்பதே எங்கள் கனவு.'

இதில் ஒரு வரிகூட முழுப் பொய் இல்லை. எழுதியவர் ஏமாற்ற நினைக்கவும் இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் கேள்வி கேட்டால் ஐந்து வரியும் உதிர்ந்துவிடும். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம்.

முதல் வரியைப் படித்தவருக்கு இந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று தெரியாது. எழுதியவரிடமே 'ஹேச்சரிக்காரர் உங்களுக்கு எதற்குப் பணம் கட்டுகிறார்?' என்று கேட்டால் பதில் உடனே வருகிறது. ஹேச்சரித் தொட்டிகளில் காற்றைச் செலுத்துவது புளோயர். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், காவலாளும் தூங்கிவிட்டால் தொட்டியில் ஆக்ஸிஜன் இறங்கும். இலட்சக்கணக்கான குஞ்சுகள் விடிவதற்குள் செத்துவிடும். இவர்களுடைய கருவி தொட்டி நீரின் ஆக்ஸிஜனையும் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே இருந்து, குறைந்ததும் பொறுப்பாளரின் போனை அடிக்க வைக்கிறது. அதற்குத்தான் பணம். அப்படியானால் முதல் வரியும் அதுதான். ஐஓடி என்ற சொல்லே அங்கே தேவையில்லை. போன் அடிக்கிறது என்றாலே படிப்பவருக்கு மீதி புரிந்துவிடும்.

இரண்டாவது வரி, 40 ஹேச்சரிகள். இந்த 40 எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் கேட்டபோது இப்படி அவிழ்ந்தது: வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஹேச்சரிகள் 40. அவற்றில் 22 பேர் கருவியை இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 14 இடங்களில் கருவி பொருத்தப்பட்டது, முதல் மாதம் இலவசம். இன்று மாத வாடகை கட்டுகிறவை 9.

இந்த நான்கு எண்களில் எது டிராக்‌ஷன்? அந்தச் சொல்லுக்குப் பிடிமானம் என்று பொருள் கொள்ளலாம். சேற்றில் டிராக்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது வேறு, வண்டி எத்தனை அடி நகர்ந்தது என்பது வேறு. வாட்ஸ்அப் குழுவும் செயல்விளக்கமும் சக்கரம் சுற்றிய கணக்கு. 9 தான் வண்டி நகர்ந்த கணக்கு. 40-ஐ எழுதி அனுப்பிவிட்டு, பேச்சின் நடுவே 9 வெளியே வந்தால், அதன்பின் சொல்லும் உண்மையான எண்களையும் எதிரில் இருப்பவர் நாலால் வகுத்துத்தான் கேட்பார். 9-ஐ முதலிலேயே எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. தொடக்க நிலையில் ஒன்பது என்பது வெட்கப்பட வேண்டிய எண்ணும் இல்லை.

வாடிக்கையாளர் என்றால் யார் என்று வரையறுப்பது சிறு நிறுவனத்தின் தொல்லை மட்டுமல்ல. இன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வரும் பல்லாவரம் பக்கத்துக் கீழ்க்கட்டளையில், 700 சதுர அடி இடத்தில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கைப் பாருங்கள். ஜோஹோவில் வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் தொடங்கினார்கள். 2011 ஜூனில் முதல் வாடிக்கையாளர் வந்தார்: மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள அட்வெல் கல்லூரி. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆக்ஸெல் நிறுவனம் பத்து இலட்சம் டாலர் முதலீடு செய்தது.

அந்த முதல் வாடிக்கையாளரில் எண்ணிக்கையைவிடப் பெரிய செய்தி ஒன்று இருந்தது. கீழ்க்கட்டளையிலிருந்து யாரும் விமானம் ஏறிப் போய் அந்தக் கல்லூரியில் விற்கவில்லை. வேறொரு கண்டத்தில் இருப்பவர் இணையத்தில் பார்த்து, தானாகவே வாங்கினார். இந்தியாவிலிருந்து நேரில் போகாமலே உலகுக்கு விற்கலாம் என்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. அதற்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் சான்றாக நின்றார். டிராக்‌ஷன் வரியில் எந்த எண்ணைப் போடுவது என்று குழம்புகிறவர் இதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: என் தொழிலில் எது சந்தேகத்துக்குரிய இடம், எந்த எண் அந்தச் சந்தேகத்தைக் குறைக்கிறது?

பத்து ஆண்டு கழித்து, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அதே நிறுவனம் அமெரிக்காவில் பங்கு வெளியிட 2021 ஆகஸ்டில் ஆவணம் தாக்கல் செய்தது. அதில் வாடிக்கையாளர்கள் 52,500-க்கு மேல் என்று ஓர் எண். அதோடு நிற்காமல், ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் தருகிறவர்கள் சுமார் 13,000 பேர் என்று தனியாக இன்னோர் எண். பெரிய எண்ணைச் சொன்ன கையோடு, அதில் கனமானவர்கள் எத்தனை பேர் என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நம் ஹேச்சரிக் குறிப்பில் 40-க்குப் பக்கத்தில் 9 வரவேண்டியதும் அதே காரணத்தால்தான்.

மூன்றாவது வரியில் இரண்டு பிழைகள். ஒன்று வெறும் கணக்குப் பிழை. டிசம்பரில் 3 ஹேச்சரிகள் பணம் கட்டின, மார்ச்சில் 9. மூன்று மடங்கு ஆனால் வளர்ச்சி 200 சதவீதம், 300 அல்ல. மடங்கையும் வளர்ச்சியையும் குழப்பிக்கொள்வது இத்தகைய குறிப்புகளில் அடிக்கடி நடப்பது; படிக்கிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

இன்னொன்று ஆழமான பிழை. வடகிழக்குப் பருவமழையில் ஹேச்சரி பல தொட்டிகளைக் காயவைத்துக் கழுவிப் போட்டிருக்கும். பண்ணைகள் கோடைப் பயிருக்குக் குஞ்சு இறக்கத் தொடங்கும்போது எல்லாத் தொட்டியும் ஓடும். டிசம்பரிலிருந்து மார்ச்சுக்கு ஏறியதில் நிறுவனத்தின் உழைப்பு எவ்வளவு, பருவம் எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இந்தத் தொழிலை அறிந்த முதலீட்டாளர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மாமல்லபுரத்தில் விடுதி நடத்துகிறவரும் கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி தருகிறவரும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஜனவரிக் கூட்டத்தை மழைக்கால நவம்பரோடு ஒப்பிட்டால் யாருக்கும் வளர்ச்சி வரும். பருவத் தொழிலுக்கு ஒரே நேர்மையான ஒப்பீடு, போன ஆண்டின் அதே மாதம்.

போன மார்ச்சில் எத்தனை என்று கேட்டால், 4. அந்த நால்வரில் ஒருவர் மழைக்காலத்தில் விலகித் திரும்பி வரவில்லை. மூவர் பருவம் முடிந்தும் தொடர்ந்தார்கள். மீதி 6 பேர் இந்த ஜனவரிக்குப் பிறகு வந்தவர்கள். அவர்கள் நிற்பார்களா என்பது அடுத்த மழை முடிந்தால்தான் தெரியும். ஆக, நான்கு ஒன்பதானது, நால்வரில் மூவர் நின்றார்கள். 300 சதவீதத்தைவிட இது கண்ணுக்குச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் வேலையில்லாத மாதங்களிலும் மூவர் வாடகை கட்டினார்கள் என்பது இந்தக் குறிப்பிலேயே அழுத்தமான செய்தி. பழைய வாசகத்தில் அது இல்லவே இல்லை.

வருமானத்தையும் அவர் எழுதவில்லை. மாத வாடகை 6,000 ரூபாய், ஒன்பதுக்கும் சேர்த்து 54,000. சின்னத் தொகை என்று விட்டிருக்கிறார். எழுதியே ஆக வேண்டும். எழுதாத எண்ணைப் படிப்பவர் பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரு போட்டியில் வென்ற பரிசுத் தொகையோ அரசுத் திட்டத்தில் கிடைத்த மானியமோ இருந்தால் அதைத் தனியே சொல்லலாம், வருமானத்தோடு கூட்டக் கூடாது.

செலவுப் பக்கம் போனால்தான் தொழிலின் முடிச்சு தெரிகிறது. கடல்நீரில் மூழ்கியிருக்கும் ஆக்ஸிஜன் உணரியின் முகத்தில் சில நாட்களில் வழுவழுப்பாகப் பாசிப் படலம் கட்டிவிடும். கட்டினால் காட்டும் அளவு தவறும். ஆக்ஸிஜன் சரியாக இருக்கும்போதே நள்ளிரவில் போன் அடிக்கும். இரண்டு முறை அப்படி எழுப்பப்பட்டவர் மூன்றாம் முறை போனை அமைதியாக்கிவிட்டுத் தூங்குவார். விலகிப்போன அந்த ஒருவர் சொன்ன காரணமும் இதுவே. அதனால் வாரம் ஒருமுறை ஆள் போய்த் துடைத்து அளவைச் சரிபார்க்கிறார். ஒரு ஹேச்சரிக்கு மாதம் நான்கு நடை, நடைக்கு 500 என்று 2,000 ரூபாய். உதிரிப்பாகம், சிம் கட்டணம் 1,000. ஆறாயிரத்தில் மிஞ்சுவது 3,000.

இதோடு இன்னொரு தடை. நோய்க் கிருமி பரவிவிடும் என்ற அச்சத்தில் ஹேச்சரிகள் வெளியாட்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைக்க வேண்டும், கை கழுவ வேண்டும். காலையில் இன்னொரு ஹேச்சரிக்குள் போய்விட்டு வந்த ஆளை மதியம் தன் கொட்டகைக்குள் விட எந்தப் பொறுப்பாளருக்கும் மனம் வராது. ஒரே ஆள் ஒரு நாளில் நான்கு இடம் போய்த் துடைப்பது காகிதத்தில்தான் நடக்கும்.

இங்கேதான் குழுவைப் பற்றிய வரி உயிர் பெறுகிறது. 'வலுவான குழு' என்பதில் இருந்த இருவரில் ஒருவர் கருவியியல் பொறியாளர். மற்றவர் 'துறை ஆலோசகர்' என்று குறிப்பிடப்பட்டவர். பதினோரு ஆண்டுகள் ஹேச்சரி டெக்னீஷியனாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில்தான் இருக்கிறார். இரும்புக் கதவு திறப்பது அவர் முகத்துக்காக. பொறியாளரை மட்டும் அனுப்பினால் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்டவரை, பட்டப்படிப்பு இல்லை என்பதால் ஆலோசகராக்கி, பங்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். குறிப்பை எழுத உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரிந்தது. நாளைக்கு அவர் போய்விட்டால் ஒன்பதில் எத்தனை மிஞ்சும்? முதலீட்டாளர் இதைக் கேட்காமல் விடமாட்டார். சொல்லை மாற்றி எழுதி இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் பங்குப் பத்திரத்தில் சரிசெய்ய வேண்டும்; பங்கு நான்கு ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும்படி இருவருக்கும் ஒரே நிபந்தனை போட வேண்டும். பிறகு எழுதலாம்.

குழு வரிக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. ஒருவருடைய பின்னணியில், இந்தத் தொழில் கேட்கும் அனுபவம் எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். ஃப்ரெஷ்டெஸ்க் விற்றது வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் மென்பொருள். கிரிஷ் ஜோஹோவில் மென்பொருள் தயாரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே அந்த ஒரு வாக்கியம் போதும். கல்லூரிப் பதக்கமும் பெரிய மனிதரோடு எடுத்த படமும் அதற்கு மேல் எதையும் சேர்க்காது. முட்டுக்காட்டில் களநிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைப் போன்ற ஓர் அமைப்பில் கட்டணம் கட்டி ஒரு சோதனை செய்துகொண்டால் 'சோதனை செய்தோம்' என்று எழுதலாம். 'இணைந்து செயல்படுகிறோம்' என்று எழுதக் கூடாது. ஒரு போன் அழைப்பில் தெரிந்துவிடும்.

கடைசி வரி, 60,000 கோடி. எண் எங்கிருந்தோ பிடித்ததல்ல. 2023-24-ல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி ஏறக்குறைய அந்த மதிப்புதான், அதில் பெரும்பங்கு இறால். ஆனால் அந்தப் பணம் ஏற்றுமதியாளருக்கும் பண்ணைக்கும் தீவனக்காரருக்கும் போகிறது. போன் அடிக்கும் கருவிக்கு அதில் எவ்வளவு வரும்? கீழிருந்து கணக்குப் போட வேண்டும். ஹேச்சரிகளைப் பதிவுசெய்வது சென்னையில் தலைமையகம் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம். அதன் பட்டியலை எடுத்து, எட்டக்கூடியவற்றை எண்ணுங்கள். கணக்குக்காக 250 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 72,000. அத்தனை பேரும், ஒருவர் விடாமல் சேர்ந்தாலும் ஆண்டுக்கு 1 கோடியே 80 இலட்சம் ரூபாய்.

குடும்பத் தொழிலாக இது அருமையான வருமானம். முதலீட்டு நிதிக்கு இது போதாது. போட்டதில் பல முதலீடுகள் வீணாகும் என்று தெரிந்தே போடுகிறவர்கள், நிற்கிற ஒன்றாவது பல மடங்கு ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த இடத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. வெளிப்பணமே வேண்டாம், வருகிற வாடகையில் வளர்வோம் என்பது ஒன்று. கூடுவாஞ்சேரி பக்கத்தில் வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ வெளி முதலீட்டாளரை நம்பாமல் வளர்ந்த நிறுவனம்தான். அந்த வழி போகிறவருக்கு இந்த அத்தியாயமே தேவையில்லை, அடுத்ததைப் படிக்கலாம்.

மற்ற வழி, ஹேச்சரியைத் தாண்டிப் பண்ணைக் குளங்களுக்குப் போவது. குளத்திலும் இரவில் ஏரேட்டர் நின்றால் அதே ஆபத்து. எண்ணிக்கையில் குளங்கள் பல மடங்கு. ஆனால் பண்ணைக்காரர் மாதம் ஆறாயிரம் தரமாட்டார், ஊர் ஊராகச் சிதறியும் இருக்கிறார். வாரம் ஆள் அனுப்பித் துடைக்கும் முறை அங்கே முதல் மாதத்திலேயே நஷ்டம். ஆக, பாசி கட்டாமல் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் உணரியைச் செய்தால்தான் குளத்துக்குப் போக முடியும். அது கிடைத்தால் ஹேச்சரிக் கதவுச் சிக்கலும் பாதி தீரும். முதலீடு எதற்கு, தொலைநோக்கு என்ன, அடுத்த ஒன்றரை ஆண்டில் எது நடந்தால் வெற்றி என்ற மூன்றும் இந்த ஓர் இடத்தில் சந்திக்கின்றன. 'முதலிடம் பிடிப்பதே கனவு' என்ற வரிக்குப் பதில் இதை எழுதலாம்.

இன்னும் ஒன்றுமே விற்காதவர் என்ன செய்வது? கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில் சென்னை ஐஐடியின் இரண்டாவது வளாகம் இருக்கிறது. 422 மீட்டர் ஹைப்பர்லூப் சோதனைப் பாதை அங்கேதான் போடப்பட்டது. அத்தகைய தொழிலில் வாடிக்கையாளர் வர ஆண்டுகள் ஆகும். அங்கே டிராக்‌ஷன் என்பது எது நிரூபிக்கப்பட்டது, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்பது. சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மாஸ், 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் சொந்த ஏவுதளத்திலிருந்து ஏவிய வாகனத்துக்கு வைத்த பெயரிலேயே அது சுற்றுப்பாதைக்குப் போகாத தொழில்நுட்பச் செயல்விளக்கம் என்பது இருந்தது. அதற்கு முன் சில முறை ஏவுதல் தள்ளிப்போனதும் ஊரறிய நடந்ததே. 'ராக்கெட் விட்டோம்' என்பதைவிட, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சின் அன்று பறந்து இயங்கியது என்பது குறுகிய கூற்று. குறுகியது என்பதால்தான் யாராலும் அதை அசைக்க முடியவில்லை.

இப்போது நம் குறிப்பைத் திருப்பி எழுதினால்:

'இறால் ஹேச்சரித் தொட்டியில் இரவில் ஆக்ஸிஜன் இறங்கினால் மூன்று நிமிடத்துக்குள் பொறுப்பாளரின் போனை அடிக்க வைக்கும் கருவியை மாத வாடகைக்குத் தருகிறோம். மார்ச் 31 நிலவரப்படி மாமல்லபுரம்–மரக்காணம் கரையில் 9 ஹேச்சரிகள் மாதம் 54,000 ரூபாய் கட்டுகின்றன; போன மார்ச்சில் 4, அவற்றில் 3 மழைக்காலத்திலும் தொடர்ந்தன. நிறுவனர் இருவர், முழுநேரம்: ஒருவர் கருவியியல் பொறியாளர், ஒருவர் 11 ஆண்டு ஹேச்சரி டெக்னீஷியன். வாரந்தோறும் ஆள் போய் உணரியைத் துடைப்பதில் வாடகையின் மூன்றில் ஒரு பங்கு போகிறது. தானே துடைத்துக்கொள்ளும் உணரியை 18 மாதங்களில் செய்து, 50 பண்ணைக் குளங்களில் ஒரு பயிர்க்காலம் ஓட்டிக் காட்டுவது அடுத்த படி.'

பலவீனத்தை நான்காவது வரியில் தாங்களே சொன்னதைப் பார்த்து முதலில் இருவரும் தயங்குவார்கள். ஆனால் அந்த வரி இல்லையென்றால் ஐந்தாவது வரிக்குக் காரணமே இல்லை. பணம் கேட்பதற்கான நியாயம் அங்கேதான் இருக்கிறது.

அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். தனியார் நிறுவனம் குறிப்பிட்ட சிலருக்குப் பங்கு கொடுத்துப் பணம் திரட்டுவது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் வருகிறது. அதன்படி இத்தகைய பங்கு வெளியீட்டுக்குப் பொது விளம்பரம் செய்யக் கூடாது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைப்பும் விடுக்கக் கூடாது. ஆகவே தொழிலைப் பற்றிய வரிகளை எங்கும் சொல்லலாம். 'இத்தனை சதவீதப் பங்கு, இந்த விலை, வாங்க வாருங்கள்' என்பதை அந்தக் குறிப்பில் சேர்த்து ஊர் முழுக்கப் பரப்பக் கூடாது. அது ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ தயாரிக்கும் முறையான கடிதத்தில், பெயர் குறித்தவருக்கு மட்டும் போக வேண்டியது. அதே சட்டத்தின் 36-ஆவது பிரிவு, தெரிந்தே பொய்யான தகவல் தந்து முதலீடு செய்யத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்து வரிதானே என்று இருந்துவிட முடியாது.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் தேதி போடுங்கள், அந்த எண்ணை நிரூபிக்கும் தாளை ஒரே கோப்புறையில் வையுங்கள்: ஒன்பது ஹேச்சரிக்கும் போட்ட பில், வங்கிக் கணக்கில் பணம் வந்த வரி, விலகியவர் எழுதிய செய்தி. மாதம் மாறும்போது எண்ணையும் மாற்றுங்கள். ஏப்ரலில் ஒருவர் விலகி 8 ஆனால், மார்ச் குறிப்பைப் பெற்றவருக்கு 8 என்றே திருத்தி அனுப்புங்கள், ஏன் விலகினார் என்ற ஒரு வரியோடு.